பிளைட் நேரம் மாத்திப்போட்டாங்கள், அது எந்த ஊர் நேரம் எண்டு எயார்லைனிட்டை எழுதிக் கேக்கிறது எப்பிடி?

தம்பி, ரிக்கெற்றில போட்டிருக்கிறது எந்த நாட்டு நேரம்?

எந்த எயார்போட்டில வெளிக்கிடுதோ, எதில இறங்குதோ, அந்தந்த ஊர் மணிக்கூட்டு நேரம். கட்டுநாயக்கவால வெளிக்கிடுறது எங்கட நேரத்தில இருக்கும், டுபாயில இறங்கிறது டுபாய் நேரத்தில இருக்கும், ரொரன்ரோவில இறங்கிறது ரொரன்ரோ நேரத்தில இருக்கும். ரிக்கெற், எயார்போட் போர்ட், எயார்லைன் வெப்சைற்றில புக்கிங் திறந்து பாக்கிறது எல்லாத்துக்கும் உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

பிறகென்ன, நேரம் மாத்தின மெயிலும் அப்பிடித்தானே இருக்கும். ஏன் வேலைமினக்கெட்டு எழுதிக் கேக்கவேணும்?

எயார்லைன் நேரா அனுப்பிற மெயில் பெரும்பாலும் அப்பிடித்தான் இருக்கும். பிரச்சினை இடையில ஆள் இருக்கேக்கதான். எயார்லைன்காரர் தங்களுக்குள்ள பிளைட் ஓட்டுறதுக்கு UTC எண்ட ஒரே நேரத்தைத்தான் பாவிக்கிறது, எங்கட நேரத்தில இருந்து ஐஞ்சரை மணித்தியாலத்தைக் கழிச்சா அது வரும். ரிக்கெற் வித்த ஏஜென்சியின்ர கொம்பியூட்டர் அந்த UTC நேரத்தை அப்பிடியே தூக்கி மெயிலில போட்டா பாக்கிற சனத்துக்கு ஒண்டும் தெரியவராது, ஏனெண்டா மணி மணியாத்தானே இருக்கும், பக்கத்தில ஒரு எழுத்தும் இராது.

என்ர கடையில நடந்ததைச் சொல்லுறன். விசுவமடுவில இருந்து ஒரு அம்மா, மகனிட்டை கனடா போறா, கொழும்பு - டுபாய் - ரொரன்ரோ. முதல் ரிக்கெற்றில 2025 நவம்பர் 15 சனிக்கிழமை விடிய 03:15க்கு வெளிக்கிடுறது. ஒரு மாதம் கழிச்சு மகன் ரிக்கெற் எடுத்த ஒன்லைன் ஏஜென்சியிட்டை இருந்து மெயில் வருது, உங்கட பிளைட் நேரம் மாறிட்டுது, புது நேரம் 14 நவம்பர் 22:25, டுபாயில இறங்கிறது 03:10 எண்டு. அவ்வளவுதான். எந்த ஊர் நேரமெண்டு இல்லை. மகன் அதை அமத்தித் தன்ர போன் கலண்டரில சேர்த்திட்டார், போன் தன்ர புத்தியில அதை ரொரன்ரோ நேரமா மாத்தி வெள்ளி பின்னேரம் 5:25 எண்டு காட்டுது, அவர் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில அம்மாவுக்கு அனுப்பிட்டார். அம்மா ரெண்டு கடதாசியையும் என்னட்டைக் கொண்டு வந்து, தம்பி இது ஐஞ்சரையோ பத்தரையோ விடியப்புறமோ எண்டு கேக்கிறா.

கூட்டிக் கழிச்சுப் பாத்தா மூண்டும் ஒண்டுதான். எங்கட நேரம் 15ஆந் திகதி விடிய 03:55. அதில ஐஞ்சரை கழிச்சா 14ஆந் திகதி 22:25, அது UTC. அதில இன்னும் ஐஞ்சு கழிச்சா பின்னேரம் 17:25, அது நவம்பரில ரொரன்ரோ. அப்ப உண்மையா மாறினது வெறும் நாப்பது நிமிசம், 03:15 எண்டிருந்தது 03:55. ஆனா மெயிலை அப்பிடியே நம்பினா ஐஞ்சு மணித்தியாலம் முந்தி, அதுவும் முதல் நாள் எண்டெல்லோ கிடக்கு. கொழும்பில இருந்து இரவு பத்தரைக்கும் பிளைட் இருக்கு, விடிய நாலு மணிக்கும் பிளைட் இருக்கு, ரெண்டுமே நம்பக்கூடிய நேரம். அதாலதான் எழுதிக் கேக்கச் சொல்லுறன்.

கேக்காமல் நாங்களாக் கண்டுபிடிக்க ஏலாதோ?

முக்கால்வாசி ஏலும். மெயிலில இறங்கிற நேரமும் இருந்தா அதைப் பாருங்கோ. கொழும்பில இருந்து டுபாய் நாலே முக்கால் மணித்தியாலம் மட்டில பறக்கும், டுபாய் எங்களுக்கு ஒண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அதால உள்ளூர் நேரத்தில எழுதினா ஏறுறதுக்கும் இறங்கிறதுக்கும் இடையில கடதாசியில மூண்டே கால் மணித்தியாலம்தான் தெரியவேணும். எல்லாம் UTCயில எழுதியிருந்தா நாலே முக்கால் முழுசாத் தெரியும்.

அந்த அம்மாவின்ர மெயிலில வெளிக்கிடுறது 22:25, இறங்கிறது 03:10. விரல் விட்டு எண்ணிப் பாருங்கோ, நாலே முக்கால். அப்ப ரெண்டு நேரமும் ஒரே மணிக்கூட்டில எழுதினது, UTC தான். 22:25 எண்டது கொழும்பு நேரமா இருந்திருந்தா டுபாயில இறங்கிறது 01:40 எண்டெல்லோ இருந்திருக்கும்.

இது சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், இதை வைச்சு வான் பிடிக்கக் கூடாது. இறங்கிற நேரம் இல்லாத மெயிலும் வரும், ஒண்டை UTCயிலயும் மற்றதை உள்ளூர் நேரத்திலயும் கலந்து போட்ட மெயிலும் வரும். கணக்குப் பாத்து மனசுக்குத் தெரிஞ்சுகொண்டு, பேந்து எழுத்தில உறுதி வாங்குங்கோ.

ரிக்கெற் போட்டது வெளிநாட்டில மகன். நான் கிளிநொச்சியில இருந்து மெயில் போட்டாப் பதில் தருவாங்களோ?

தருவாங்கள், தராமலும் விடுவாங்கள். புக்கிங்கில குடுத்த ஈமெயிலில இருந்து வந்தாத்தான் அவையளுக்கு நம்பிக்கை, வேற ஆளின்ர ஈமெயிலில இருந்து கேட்டா பயணியின்ர விவரத்தை வெளியில சொல்ல ஏலாது எண்டு எழுதிவிடுவினம். அதால மகனைக் கொண்டே அனுப்பச் சொல்லுங்கோ, உங்கட ஈமெயிலை CC யில போடச் சொல்லுங்கோ. எழுதிறதை நீங்கள் எழுதிக் குடுக்கலாம், அனுப்பிறது அவற்ற பெட்டியில இருந்து.

இன்னொண்டு, ஏஜென்சியில எடுத்த ரிக்கெற் எண்டா எயார்லைன்காரர் ஏஜென்சியிட்டைக் கேளுங்கோ எண்டு தட்டிவிடப் பாப்பினம். ரிக்கெற்றை மாத்திறது, காசு திருப்பிறது எண்டா அது சரி, ஏஜென்சிதான் செய்யவேணும். நேரம் என்ன எண்டு சொல்லுறதுக்கு ஏஜென்சி தேவையில்லை, பிளைட் ஓட்டுறது எயார்லைன்தானே. மெயிலில முதலே எழுதிப்போடுங்கோ, நான் மாத்தக் கேக்கேல்ல, நேரத்தை உறுதிப்படுத்தத்தான் கேக்கிறன் எண்டு. அந்த ஒரு வரியால அரைவாசிப் பேர் தட்டிவிடாமல் பதில் சொல்லுவினம்.

சரி, என்னத்தை எழுதுறது? ஒருக்கா எழுதிக் காட்டுங்கோ.

ஆங்கிலத்தில அனுப்பினாத்தான் கெதியாப் பதில் வரும். நான் கருத்தைத் தமிழில தாறன், பள்ளிக்கூடம் போற பிள்ளையளே ஆங்கிலத்தில மாத்துங்கள், பெரிய இங்கிலீசு ஒண்டும் தேவையில்லை. தலைப்பில PNR எண்ட புக்கிங் நம்பர், பிளைட் நம்பர், திகதி மூண்டும் இருக்கவேணும். வணக்கம், அவசரம், தயவுசெய்து உதவவும் எண்டெல்லாம் தலைப்பில போட்டா ஆயிரம் மெயிலுக்குள்ள அதுவும் ஒண்டாக் கிடக்கும்.

மெயில் இப்பிடி:

"வணக்கம். என் தாயாரின் முன்பதிவு பற்றி எழுதுகிறேன். கொழும்பிலிருந்து டுபாய் செல்லும் அவரின் விமானத்தின் நேரம் மாறியுள்ளதாக முகவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் புதிய நேரம் நவம்பர் 14, 22:25 என்று உள்ளது. அது கொழும்பு நேரமா UTC நேரமா என்று குறிப்பிடப்படவில்லை.

கொழும்பிலிருந்து புறப்படும் புதிய நேரத்தை, கொழும்பு உள்ளூர் நேரத்தில், திகதியும் கிழமையும் சேர்த்து, 24 மணி முறையில் எழுதித் தரவும். டுபாயில் இறங்கும் நேரத்தை டுபாய் நேரத்தில் தரவும்.

டுபாயிலிருந்து ரொரன்ரோ செல்லும் அடுத்த விமானம் 08:10க்கு. புதிய நேரத்தின்படி அந்த இணைப்பு செல்லுபடியாகுமா என்றும், மின்-ரிக்கெற் புதிய நேரத்துடன் மீண்டும் வழங்கப்பட்டுள்ளதா என்றும் தெரிவிக்கவும். பயணத்தை மாற்றக் கேட்கவில்லை, உறுதிப்படுத்தல் மட்டுமே வேண்டும்."

கீழ விவரத்தைத் தனியா, ஒரு பார்வையில தெரியிற மாதிரிப் போடுங்கோ. இதில இருக்கிற PNRஉம் பிளைட் நம்பரும் நான் சும்மா போட்டது:

```
PNR: K7XQ2M
XX 652  CMB-DXB
OLD: 15 NOV 03:15 CMB local (UTC+5:30)
NEW: 14 NOV 22:25 or 15 NOV 03:55 CMB local?
```

அதுக்குக் கீழ ரிக்கெற் நம்பர், அது 13 இலக்கம், PNR எண்டது 6 எழுத்து, ரெண்டையும் மாறிப்போடாதேங்கோ. பேர் பாஸ்போட்டில இருக்கிற மாதிரி. ஏஜென்சி அனுப்பின மெயிலை அப்பிடியே அற்றாச் பண்ணுங்கோ, போன் ஸ்கிரீன்ஷொட் அனுப்பாதேங்கோ, உங்கட போன் நேரத்தை மாத்திக் காட்டினதை அவங்கள் பாத்தா இன்னும் குழம்புவாங்கள். பாஸ்போட் கொப்பி, காட் நம்பர் ஒண்டும் தேவையில்லை. முக்கியமா PNR தெரியிற கடதாசியைக் குடும்ப குறூப், ஊர் குறூப்பெல்லாம் போடாதேங்கோ, PNRஉம் குடும்பப் பேரும் இருந்தா ஆரும் புக்கிங்கைத் திறக்கலாம்.

இவ்வளவு ஏன், 'இது லோக்கல் நேரம்தானோ' எண்டு ஒரு வரியில கேட்டாக் காணாதோ?

காணாது. அப்பிடிக் கேட்டா "ஆம், உங்கள் பயண விவரத்தில் உள்ள நேரம் சரியானது" எண்டு பதில் வரும். எந்த விவரம்? ஆற்ற கையில இருக்கிறது? அவங்கட திரையில 03:55 இருக்கும், உங்கட கையில 22:25 இருக்கும், ரெண்டு பேரும் சரி எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவியள். நான் முதல் தரம் ஆக்களுக்கு எழுதிக் குடுக்கேக்க இந்தப் பிழையை விட்டனான், பதில் வந்திச்சு, ஆம் எண்டு, என்னத்துக்கு ஆம் எண்டு தெரியேல்ல.

ஆம் இல்லை எண்டு பதில் சொல்ல ஏலாத மாதிரிக் கேக்கவேணும். நேரத்தை அவங்களே ரைப் பண்ணவேணும். ரெண்டு நேரத்தையும் பக்கத்தில பக்கத்தில போட்டு இதில எது எண்டு கேக்கிறதுக்கும் காரணம் அதுதான், எண்ணைப் பாத்து எண்ணாலதான் பதில் சொல்லவேண்டி வரும்.

இலங்கை நேரம் எண்டு எழுதேக்க IST எண்டு போட்டிடாதேங்கோ, அது இந்திய நேரத்துக்கும் சொல்லுறது, இஸ்ரேலுக்கும் சொல்லுறது, அயர்லாந்துக்கும் சொல்லுறது. கொழும்பு நேரம், UTC+5:30 எண்டு விபரமா எழுதுங்கோ.

பதில் வந்திட்டுது, ஆனா LT, Z, STD, +1 எண்டெல்லாம் கிடக்கு. ஒண்டும் விளங்கேல்ல.

LT எண்டா உள்ளூர் நேரம், நீங்கள் தேடினது அதுதான். நேரத்துக்குப் பின்னால Z இருந்தா UTC, ஐஞ்சரையைக் கூட்டுங்கோ. STD எண்டா அட்டவணைப்படி வெளிக்கிடுற நேரம். ETD எண்டு வந்தா அது அண்டைக்குச் சுணங்குதோ எண்டு மதிச்சுச் சொல்லுற நேரம், ஒரு மாதத்துக்கு முந்தி வாற பதிலில அது வரத் தேவையில்லை. +1 எண்டது அடுத்த நாள் இறங்கும் எண்டது.

அந்த அம்மாவுக்கு ரெண்டாம் நாள் வந்த பதில், 15 நவம்பர் சனி 03:55 LT கொழும்பு, டுபாய் 07:10 LT, அடுத்த பிளைட் மாறேல்ல, இணைப்பு செல்லும் எண்டு. இடையில இருந்த நேரம் முதல் ஒரு மணி நாப்பது நிமிசம், இப்ப ஒரு மணித்தியாலம். நடக்க ஏலாத ஆள் எண்டபடியா வீல்செயார் கேட்டு அடுத்த மெயில் போட்டம், அது வேற கதை.

14ஆந் திகதி ராவோ 15ஆந் திகதி ராவோ? இதிலதான் எங்கட வீட்டில சண்டை.

எங்கட சனத்துக்கு நாள் விடியத்தான் துவங்கும். விடிய நாலு மணிக்குப் பிளைட் எண்டா "வெள்ளி ராப் போறம்" எண்டுதான் சொல்லுவம், அது பிழையில்லை, வீட்டால வெளிக்கிடுறது வெள்ளிதானே. ரிக்கெற்றுக்கு நாள் நடுச்சாமம் 00:00க்கு மாறுது, அதால அதில சனி. இந்த ரெண்டு வழக்கமும் முட்டுற இடத்தில ஒரு முழு நாள் பிழைக்கும், சனிக்கிழமை எண்டு பாத்துப்போட்டு சனி பின்னேரம் வான் பிடிச்சுப் போய் நிண்ட ஆக்கள் இருக்கினம், பிளைட் விடியவே போட்டுது.

00:05, 00:40 எண்டு வாற பிளைட்டுகளில இது இன்னும் மோசம். இதில 12:05 AM எண்டு வேற எழுதியிருந்தா மத்தியானமோ சாமமோ எண்டே தெரியாது. அதாலதான் மெயிலில கிழமையும் 24 மணி முறையும் கேளுங்கோ எண்டனான். வீட்டில கலண்டரில எழுதேக்க "வெள்ளி ராக் கழிஞ்சு சனி விடிய" எண்டு முழுசா எழுதுங்கோ.

மெயிலில Accept எண்டு ஒரு பட்டன் இருக்கு. அமத்தட்டோ?

நேரம் உறுதியாகும் வரைக்கும் வேண்டாம். அதை அமத்தினா புது நேரத்தை ஒத்துக்கொண்டதாகும், பேந்து எனக்கு இந்த நேரம் சரிவராது, வேற பிளைட்டில போடுங்கோ எண்டு கேக்கிறது கஷ்டம். அமத்த நாள் முடிவு ஏதும் போட்டிருந்தா அதைக் குறிச்சு வைச்சுக்கொண்டு, அதுக்கு முதல் பதில் வாங்குங்கோ.

அமத்தின பிறகும் ஒண்டு பாக்கவேணும். புக்கிங் வேற, ரிக்கெற் வேற. புக்கிங்கில புது நேரம் விழுந்திருக்கும், ரிக்கெற்றில பழைய நேரமே கிடக்கும், ஏஜென்சி ரிக்கெற்றைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பினம். நாப்பது நிமிசம் மாறினதுக்கு அனேகமாப் பிரச்சினை வராது, ஆனா பிளைட் நம்பரோ திகதியோ மாறினதுக்குப் புதுப்பிக்காமல் விட்டா கவுண்டரில நிண்டு முழிக்கவேண்டி வரும். புது நேரம் போட்ட ரிக்கெற் ரிசீற்றை மெயிலில அனுப்பச் சொல்லிக் கேட்டு அதைத்தான் பிறின்ற் எடுக்கவேணும்.

ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் முடிவிலயும் மார்ச் முடிவிலயும் இந்த மெயில் வருது. ஏன்?

எயார்லைன்காரரின்ர அட்டவணை வருசத்தில ரெண்டு தரம் மாறும், மார்ச் கடைசி ஞாயிறு ஒண்டு, ஒக்டோபர் கடைசி ஞாயிறு ஒண்டு. லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மாத்திற நாளும் அதுதான். நாங்கள் மாத்திறதில்லை, டுபாயும் மாத்திறதில்லை, ஆனா அங்கால் பக்கம் மாறினா பிளைட்டை ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ தள்ளவேண்டி வரும். கனடாவில ரொரன்ரோ வேற நாளில மாத்தும், மார்ச் ரெண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. அந்த இடைப்பட்ட நாளுகளில பயணம் எண்டா பிள்ளையள் போனில சொல்லுற "எங்களுக்கும் உங்களுக்கும் இத்தனை மணி வித்தியாசம்" எண்ட கணக்கை நம்பாதேங்கோ.

முந்தி எங்களுக்கு அரை மணித்தியால வித்தியாசம் இருந்ததே, அது இப்பவும் ஏதும் குழப்புமோ?

இதை இளந்தாரியளுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்கள். 1996இல அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சு, அந்த வருசம் ஒக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்துது, 2006 ஏப்ரல் வரைக்கும் கொழும்பு UTC+6 இல நிண்டது. வன்னியில இயக்கத்தின்ர இடங்களில பழைய நேரமே ஓடினது. பாதை திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டினா அரை மணித்தியாலம் மாறும், கலியாண வீடு, பஸ், கச்சேரி அலுவல் எதுக்கும் முதல் கேள்வி "பழைய நேரமோ புது நேரமோ" எண்டதுதான். வயசு போன ஆக்கள் பத்து மணி எண்டா உடன எந்தப் பத்து எண்டு கேப்பினம், அந்தப் பழக்கம் பயணத்துக்கு உண்மையில நல்லது.

2006க்குப் பிறகு எல்லா இடமும் UTC+5:30 தான், குழப்பமில்லை. கொம்பியூட்டரில நேர வலயம் தெரிவு செய்யேக்க இந்தியாவுக்கு ஒரு வரி, இலங்கைக்கு Sri Jayawardenepura எண்டு வேற வரி இருக்கும், பயப்பிடாதேங்கோ, ரெண்டும் இப்ப ஒரே நேரம்.

பலாலியால சென்னைக்குப் போறன். எனக்கும் இது வேணுமோ?

சென்னையோட நிக்கிறதெண்டா ரெண்டு பக்கமும் ஒரே நேரம், ஏஜென்சி மெயிலில UTC நேரம் விழுந்திருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. சென்னையில மாறி வேற நாட்டுக்குப் போறதெண்டா அந்த ரெண்டாவது பிளைட்டுக்கு எழுதிக் கேளுங்கோ. ரெண்டும் தனித்தனி ரிக்கெற் எண்டா முதல் பிளைட் நேரம் மாறி ரெண்டாவது தவறினா அதுக்கு ஒருத்தரும் பொறுப்பெடுக்க மாட்டினம், அதை மனசில வைச்சு இடைவெளி விடுங்கோ.

மெயில் போட்டு நாலு நாள், பதிலே இல்லை.

மெயில் போட்ட உடன ஒரு தானியங்கிப் பதிலும் நம்பரும் வந்திருக்கும், அதைத் தேடி எடுங்கோ, ஸ்பாமிலயும் பாருங்கோ. ரெண்டாவது மெயிலைப் புதுசா எழுதாமல் அதே மெயிலுக்குப் பதிலா அந்த நம்பரோட போடுங்கோ, புதுசா எழுதினா வரிசையில கடைசிக்குப் போயிடும். பயணத்துக்கு மூண்டு நாளுக்குள்ள எண்டா மெயிலை விட்டிட்டு எயார்லைனின்ர கொழும்பு ஒபிசுக்கு அடியுங்கோ. போனில சொல்லுறதை அப்பிடியே திருப்பிச் சொல்லி ஓம் எண்டு கேட்டு, ஆள் பேரையும் நேரத்தையும் எழுதி வையுங்கோ. இதுக்கிடையில எயார்லைனின்ர சொந்த வெப்சைற்றில PNR போட்டுத் திறந்து பாருங்கோ, ஏஜென்சியின்ர சைற்றில இல்லை. அதில 03:55 எண்டு கிடந்தா மெயிலில உள்ள 22:25 எங்க இருந்து வந்ததெண்டு உங்களுக்கே விளங்கும்.

வான்காரனுக்கு எந்த நேரம் சொல்லுறது?

பிளைட் நேரத்தைச் சொல்லாதேங்கோ, வீட்டில நிக்கவேண்டிய நேரத்தைச் சொல்லுங்கோ. விசுவமடுவில இருந்து பரந்தன், கிளிநொச்சி, வவுனியா, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு எண்டு கட்டுநாயக்கவுக்குச் சாப்பாட்டுக்கும் நிப்பாட்டிப் போக ஏழெட்டு மணித்தியாலம் வையுங்கோ, கார்த்திகை மழையெண்டா கூட்டி வையுங்கோ. கவுண்டர் அனேகமா மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் திறந்து ஒரு மணித்தியாலத்துக்கு முதல் பூட்டுவினம், உங்கட எயார்லைனுக்கு எத்தினை எண்டு ரிக்கெற்றில பாருங்கோ.

03:55 எண்டா வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு வெளிக்கிட்டாலும் கவுண்டர் திறக்கிறதுக்கு முதல் போயிடுவியள். அதே 22:25 உண்மையிலயே கொழும்பு நேரமா இருந்திருந்தா காலமை பத்து மணிக்கு வெளிக்கிடவேணும், நாலு மணிக்கு வெளிக்கிட்ட ஆள் சிலாபத்தில தேத்தண்ணி குடிக்கேக்க அங்க கவுண்டர் பூட்டியிருப்பான். பதில் வராமலே நாள் வந்திட்டா முந்தின நேரத்தைப் பிடிச்சு வெளிக்கிடுங்கோ, எயார்போட்டில ஐஞ்சரை மணித்தியாலம் இருந்தா நாரிதான் நோகும்.

திரும்பி வாற ரிக்கெற்றுக்கும் இதே மெயிலோ?

அதே மெயில்தான், CMB இருந்த இடத்தில YYZ, கொழும்பு நேரம் எண்ட இடத்தில ரொரன்ரோ நேரம். அந்த அம்மா திரும்பி வாறது 2026 மார்ச் நடுவில, கனடாவில மார்ச் 8ஆந் திகதி மணிக்கூடு மாறுது, அதால UTC-5 எண்டு எழுதாமல் UTC-4 எண்டு எழுதச் சொல்லி மகனுக்குக் குரல் பதிவு போட்டு விட்டனான்.